ஐம்பதை அடித்துவிட்டு எழுதிய ஐம்பத்தெட்டு

எனக்கு எதையும் இரண்டு தரம் சரிபார்க்கும் புத்தி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இதைப் பொறுப்பு என்று நானே மெச்சிக்கொண்டிருந்தேன். 2007இல் சிதம்பரத்தில் எழுதிய ஒரு பரீட்சையோடு அந்தப் பெருமை போய்விட்டது.

எம்.ஏ. பொருளாதாரத்தில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் ஒரே ஒரு அரியர், பேரினப் பொருளியல். அவனுக்குக் காட்டுமன்னார்கோயில், எனக்குக் கடலூர் முதுநகர். எனக்கு அந்தப் பேப்பர் போனால் இன்னொரு ஆறு மாதம், அவ்வளவுதான். அவன் கதை வேறு. முதுநகரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொருளாதாரம் நடத்த அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளி திறப்பதற்குள் எம்.ஏ. தேறிய மார்க் ஷீட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வீட்டில் அவன் சம்பளத்தை நம்பித் தங்கையைக் காலேஜில் சேர்த்துவிட்டார்கள். அவன் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்று காலை இருவருமே இட்லியைத் தொடவில்லை.

இருபது மார்க் கணக்கு ஒன்று வந்தது. ஒரு நாட்டில் அரிசி, துணி என்று இரண்டே பொருள். அடிப்படை ஆண்டில் அரிசி பத்து ரூபாய், நூறு மூட்டை. துணி ஐம்பது ரூபாய், இருபது உருப்படி. மொத்த உற்பத்தி இரண்டாயிரம். நடப்பு ஆண்டில் அரிசி பதினைந்து ரூபாய், அதே நூறு மூட்டை. துணி அதே ஐம்பது ரூபாய், ஆனால் நாற்பது உருப்படி. நடப்பு விலையில் மூவாயிரத்து ஐந்நூறு, அதாவது பெயரளவு வளர்ச்சி எழுபத்தைந்து சதவீதம். அடிப்படை ஆண்டு விலையிலேயே பெருக்கினால் மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறை மூவாயிரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் டிஃப்ளேட்டர் 116.67, அதாவது விலை ஏற்றம் 16.67 சதவீதம். இரண்டாயிரம் மூவாயிரமானதால் உண்மை வளர்ச்சி ஐம்பது சதவீதம்.

பக்கத்து வரிசையில் இருந்த அவனைப் பார்த்தேன். ஐந்து விரலை விரித்து, பிறகு கையை மூடிக் காட்டினான். அவனுக்கும் ஐம்பதுதான். அதோடு விட்டிருக்கலாம்.

நான்தான் சரிபார்க்கிறவனாயிற்றே. கைடில் ஒரு வரி உண்டு: பெயரளவு வளர்ச்சியிலிருந்து விலை ஏற்றத்தைக் கழித்தால் உண்மை வளர்ச்சி. எழுபத்தைந்தில் பதினாறு புள்ளி அறுபத்தேழைக் கழித்தேன். ஐம்பத்தெட்டு புள்ளி முப்பத்துமூன்று வந்தது. மறுபடி கழித்தேன், அதே விடை. முழுக் கணக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, கழித்துப் புதிதாக எழுதினேன். அதற்கப்புறம் செய்ததுதான் பாவம். அவன் பக்கம் திரும்பி ஐந்து விரல், பிறகு எட்டு விரல் காட்டினேன். அவன் புருவத்தைச் சுருக்கினான். நான் அடித்துச் சொல்கிற மாதிரித் தலையாட்டினேன். அவன் பேனா ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே ஓடியதைப் பார்த்தேன்.

பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர அவனும் என்னோடு கிளம்பினான். கடலூர் பஸ்ஸில் பி.முட்லூர் தாண்டியதும் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"மச்சான், பழைய வெலையில ரெண்டாயிரம் மூவாயிரமா ஆயிருக்கு. பாதிதான ஏறியிருக்கு? அதுக்கு ஏன்டா கழிக்கணும்?"

"கைடுல போட்டிருக்குடா."

"அது அஞ்சு பர்சென்ட், மூணு பர்சென்ட்னு சின்னதா இருந்தா ஏறக்கொறைய வரும். எழுபத்தஞ்சுக்கு எப்படி வரும்? வகுக்கணும்டா."

"உனக்குத் தெரியுமில்ல, அப்புறம் ஏன் அடிச்ச?"

"நீதான் ரெண்டு தரம் பாக்கற ஆளாச்சே. சரியாதான் இருக்கும்னு நெனச்சேன்."

ரிசல்ட் வரும்வரை இருபத்தெட்டு நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் தோற்றாலும் பரவாயில்லை, அவன் தேறட்டும் என்று கோயில் கோயிலாகப் போய்க் கும்பிட்டேன். பிரௌசிங் சென்டரில் நம்பரைத் தட்டினோம். எனக்கு ஐம்பத்தொன்று. அவனுக்கு நாற்பத்தாறு. ஐம்பதுதான் பாஸ். அவன் ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "பிரின்ட் எடுத்துக்கடா, உனக்குத் தேவைப்படும்" என்றான்.

அன்று மாலையே பள்ளிக்குப் போய், தனக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மாட்டேன் என்றேன். "யாரோ வர்றதுக்கு நீ போறது மேல்" என்றான். எனக்கும் வேலை இல்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன்.

முதல் நாள் அவன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். இன்டர்வியூவுக்கென்று தைத்த தன் வெள்ளைச் சட்டையை எனக்குக் கொடுத்திருந்தான். கேட்டுக்கு முன்னால் இறங்கியதும் காலரைச் சரிசெய்துவிட்டு, "தோள்ல கொஞ்சம் லூசா இருக்கு, பரவால்ல" என்றான்.