சட்டத்தோடு வரலாமா?

கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதையும் துடைத்துக் குங்குமம் வைப்பாள்.

அப்புறம் வேலை கிடைத்தது. சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று கடிதத்தில் இருந்தது. முந்தின நாள் மதியம் அப்பா சட்டத்தைக் கழற்றினார். பின்பலகை வந்தது, தாள் வரவில்லை. மழைக்காலத்தில் சுவரில் ஏறிய ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அப்பா சிமெண்டு பூசும் கொல்லுறு முனையால் ஓரத்தை நெம்பப் பார்த்தார்.

"ஏனுங்க, அது என்ன சுவத்துப் பூச்சா? விடுங்க, கிழிஞ்சுரும்!" என்றாள் அம்மா.

அப்பா கையை எடுத்துவிட்டார். "நாந்தான் கெடுத்துட்டனா கண்ணு?" என்றார்.

 தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். புது மேலாளருக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதினேன். காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவேன். பத்தாம் வகுப்பு, பி.யு.சி. மார்க்ஸ் கார்டுகள், முன்பே எடுத்த நகல்கள், போட்டோக்கள் எல்லாம் கொண்டுவருவேன்; பட்டச் சான்றிதழ் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, சட்டத்தோடு கொண்டுவரலாமா?

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் யாரும்மா எழுதுவாங்க? சிரிப்பாங்க. எல்லாம் கொண்டு வரேன்னு போடு, அது போதும்."

சிரிக்கட்டும். மறுநாள் அப்பா கூட வருவதாக இருந்தது. அவர் கண்முன்னே வாசலில் என்னைத் திருப்பி அனுப்புவதைவிட, சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்பதை இங்கேயே படித்துவிடலாம். அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கடை மூடும் முன் பதில் வந்தது: "அப்படியே கொண்டு வாருங்கள். வாசலில் சொல்லிவைக்கிறேன்."

காலையில் அப்பா சட்டத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே நான் பிரித்தபோதுதான் கவனித்தேன்: அம்மா புதிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். துடைக்கக் கை போனது. ஏனோ துடைக்கவில்லை.

மேலாளராக இருந்த பெண்மணி சட்டத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, பதிவு எண்ணையும் முத்திரையையும் நகலோடு ஒத்துப் பார்த்தார். நகலில் 'அசல் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குங்குமத்தைக் காட்டி, "இது படாம பிடிச்சுக்கோங்க, புடவை பாழாயிடும்" என்றார். அவ்வளவுதான்.

சட்டத்தை அப்பாவிடம் கொடுக்க வாசலுக்கு வந்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேத்துக்கிட்டாங்கப்பா."

"அதான் உம் மொகத்துலயே தெரியுதே. கண்ணாடியில கீறல் ஒண்ணும் விழலியே?" என்றார்.