முதலில் ஒரு சாம்பிள் மட்டும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் ஆறேழு வருடம் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வேலூருக்கு வந்த பிறகு தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. வேலையை விட்டேன். என் கணவருக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. பாகாயத்தில் மாடி வீடு. அங்கே முன்னறையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் வேலை போடும் ஒரு இணையதளத்தில் ஷூ, செருப்பு, பை படங்கள் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. பிராட்பேண்ட் அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது.

அந்தத் தளம் ஒரு சந்தை. ஒருவன் வேலையைப் போடுவான், உலகமெங்கும் இருந்து நாங்கள் விலை சொல்லுவோம். அவனுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பான். தேர்ந்தெடுத்ததும் அவன் பணத்தைத் தளத்தில் கட்டி வைக்க வேண்டும். வேலை முடிந்து அவன் ஒப்புக்கொண்டால் அது நமக்கு வரும். தகராறு வந்தால் தளத்துக்காரர்கள் பார்ப்பார்கள். ஆனால் தளத்துக்குள் எழுதியதை மட்டும்தான் பார்ப்பார்கள். போனில் பேசியது, தனி மெயிலில் சொன்னது எதுவும் செல்லாது.

நான் விலை சொல்வதற்கு முன் போட்டவனின் பக்கத்தைத் திறந்து படிப்பேன். இதுவரை எத்தனை வேலை போட்டிருக்கிறான், அதில் எத்தனை பேருக்குக் கொடுத்தான், பணம் கொடுத்தானா, வேலை செய்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அந்தப் பக்கங்களைப் படிக்கப் படிக்க மனிதர்கள் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. 'திறமைசாலிக்கு இது அரை மணி நேர வேலை' என்று எழுதுவான் ஒருவன். அரை மணி நேர வேலையை அவனே செய்துகொள்ள வேண்டியதுதானே? 'இது சின்ன வேலை, பின்னால் நிறைய வரும்' என்பான் இன்னொருவன். பின்னால் வருகிற வேலைக்கு முன்னால் விலையைக் குறைக்கச் சொல்லுவான். 'எனக்குத் திருப்தி வரும்வரை திருத்த வேண்டும்' என்று எழுதியிருப்பவனைப் பார்த்தால் உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். அவனுக்குத் திருப்தி வரவே வராது, வரக்கூடாது என்பதற்காகத்தானே அப்படி எழுதுகிறான்.

என் கணவர் வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு எத்தினி பேர கழிச்ச?" என்றுதான் கேட்பார்.

எல்லோரையும் கழிக்கவில்லை. கனடாவில் இருந்து ஒரு அம்மாள், தளத்துக்குப் புதுசு, பக்கத்தில் எதுவுமே இல்லை. ஆனால் என்னென்ன வேண்டும் என்று ஒழுங்காக எழுதியிருந்தார்: குழந்தைகளுக்கான ஷூ, பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், சோல், தையல் எங்கே வரும், எந்த ஃபைலில் வேண்டும், இரண்டு முறைதான் திருத்தம் கேட்பேன் என்று. நான் கேட்பதற்கு முன்பே பணத்தைக் கட்டி வைத்தார். வேலை முடிந்த அன்றே விடுவித்தார். புதியவரா பழையவரா என்பது இல்லை விஷயம். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவனும், தெரிந்தும் எழுதாதவனும்தான் ஆபத்து.

இதையெல்லாம் நான் ஒருவருக்கு மட்டும் சொல்லிப் பார்த்தேன். ஆம்பூரில் என் டிசைன் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். நாங்கள் எல்லோரும் சார் என்றே கூப்பிடுவோம். கை நல்ல கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைக்காரன் ஒருவன் தோளில் தட்டிவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பார். நான் வீட்டில் இருந்து சம்பாதிக்கிறேன் என்று கேள்விப்பட்டு, கம்பெனிக்குத் தெரியாமல் அவரும் அதே தளத்தில் சேர்ந்தார்.

ஒருநாள் போன் பண்ணினார். குரலிலேயே துள்ளல்.

"ஏம்மா, ஐரோப்பால ஒரு புது பிராண்டு போட்ருக்கான் பாத்தியா? முழு கேட்டலாக்கும் வரையணும். பெரிய வேலம்மா!"

"பாத்தேன் சார். டெஸ்ட்டுக்கு ஒரு படம் சும்மா வரஞ்சி அனுப்பச் சொல்றான்."

"அது கேக்கத்தான செய்வான். நம்ம கம்பெனியில வாங்க வர்ற பையருக்கு சாம்பிள் குடுக்கறதில்லையா?"

"உங்களுக்கு எந்த மாடல் குடுத்தான்?"

"கணுக்கால் வரைக்கும் வர்ற ஆங்கிள் பூட்."

எத்தனை படம் என்று கேட்டு எழுதியதற்கு எனக்கு வந்திருந்தது ஒரு லோஃபர், கயிறு இல்லாத ஷூ. என் ஃபைலை அவருக்கு மெயிலில் அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதே பிராண்டு முத்திரை, அடுத்தடுத்த மாடல் எண்கள். திறமையைப் பார்க்க வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே படத்தைக் கொடுத்துத்தானே பார்ப்பான்? இவன் கேட்டு எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாடலைக் கொடுத்திருந்தான். எல்லோரும் அனுப்பினால் அவனுடைய கேட்டலாக் சும்மாவே தயாராகிவிடும்.

"அவன் பக்கத்தைத் திறங்க சார். போன வருஷம் பை போட்ருக்கான், அதுக்கு முன்னாடி பெல்ட் போட்ருக்கான். எல்லாத்துலயும் யாரையும் எடுக்காம மூடிட்டான். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு பைசா குடுத்ததில்ல."

மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவருக்கே உரிய அந்தச் சிரிப்பு.

"நீ எப்பவுமே சந்தேகப்பிராணிம்மா. அவனுங்களுக்கு ஏத்த ஆளு கெடச்சிருக்க மாட்டான். எத்தினி ஃபாரின் பையரை நான் நேர்ல பாத்திருப்பேன், எனக்குத் தெரியாதா?"

பார்த்திருக்கிறார்தான். ஏர்போர்ட்டில் மாலை போட்டு வரவேற்றுப் பார்த்திருக்கிறார். பணம் வசூல் பண்ணியது அக்கவுண்ட்ஸ் பிரிவு.

நான் லோஃபரை வரையவில்லை. சார் ஆங்கிள் பூட்டை வரைந்து அனுப்பினார். நீங்கள் ஒரு கலைஞர் என்று பதில் வந்ததாம். அந்த வரியை எனக்குப் போனில் இரண்டு முறை படித்துக் காட்டினார். அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது: தளத்துக்குக் கமிஷன் எதற்கு, நேரடியாக மெயிலில் பேசிக்கொள்வோம், இங்கே நடக்கும் ஷூ கண்காட்சி முடிந்ததும் பணத்தை மொத்தமாக அனுப்புகிறேன்.

"சார், வெளிய போனா உங்களுக்கு அந்தத் தளத்துல எந்தப் பிடியும் இல்ல. முன்பணமாவது கேளுங்க. எத்தன படம், எத்தன திருத்தம்னு எழுதி வாங்குங்க."

"மொத மொத வேல குடுக்கறவன்கிட்ட போய் துட்டு துட்டுன்னா பேஜார் ஆயிடுவாம்மா. நீயும் பாதி எடுத்துக்கோ, சேந்து பண்லாம்."

"எனக்கு வேணாம் சார்."

மறுத்ததில் அவருக்குக் கோபம். இரண்டு மாதம் போன் இல்லை. அந்த இரண்டு மாதமும் கம்பெனி முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்று அவர் மனைவி மூலம் தெரிந்தது. மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட மாடியிலிருந்து இறங்கி வரவில்லையாம். அவன் கேட்கக் கேட்க ஹீலை உயர்த்தி, பிறகு இறக்கி, பக்கிளை மாற்றி, பழைய பக்கிளையே திரும்ப வைத்து. அவன் கேட்பதற்கு எல்லை என்று ஒன்று எழுதப்படவில்லை, அதனால் அவன் ஏன் நிறுத்த வேண்டும்?

கண்காட்சி முடிந்தது. மெயில் வரவில்லை. இவர் நாலைந்து மெயில் போட்ட பிறகு ஒரே ஒரு பதில் வந்தது: தரம் எங்கள் எதிர்பார்ப்புக்கு இல்லை, உங்கள் படங்களை நாங்கள் உபயோகிக்கப் போவதில்லை. அத்தோடு முடிந்தது.

அதையும் நான் அப்போது அறியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரில் இருந்து பஸ் ஏறி, சொல்லாமல் வந்து எங்கள் வீட்டுப் படியேறினார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. என் கணவர் நாற்காலி போட்டார், காபி கொடுத்தோம். காபியைத் தொடவில்லை.

"கம்பெனிக்கு ஒரு என்கொயரி வந்திருக்கும்மா," என்றார். உறைக்குள்ளிருந்து எடுத்தார். சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்ட் அனுப்பிய, ஷூவின் படமும் அளவும் போட்ட ஸ்பெக் ஷீட்டுகள். படங்கள் எல்லாம் சாருடையவை. தையல் கோட்டை அவர் ஒரு மாதிரி விட்டுவிட்டுப் போடுவார், அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். மூலையில் பிராண்டின் பெயரும் முத்திரையும் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தன.

"உபயோகிக்க மாட்டேன்னு சொன்னானே சார்."

"ம்."

"ஏஜென்ட் இன்னா கேக்கறான்?"

"ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஜோடி சாம்பிள். ஃப்ரீயா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. என் கணவர் பார்வையால் கண்டித்தார். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி இன்னா சொன்னாரு?"

"மீட்டிங்ல எல்லாருக்கும் காட்னாரு. 'பாருங்கய்யா, ஐரோப்பாக்காரன் எப்டி ட்ராயிங் போடறான். நீங்களும் போடறீங்களே'ன்னாரு. என்னைப் பாத்துதான் சொன்னாரு."

இது என்னுடையது என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் கம்பெனி நேரத்துக்கு வெளியே வேறு ஒருவனுக்கு வரைந்தது தெரிந்து வேலை போய்விடும். தன் படத்தைத் தானே பேட்டர்னாக வெட்டி, சாம்பிள் அறைக்குக் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். நல்ல தோலில் தைத்து, கம்பெனி செலவில் கூரியரில் போனது. ஆர்டர் வரவில்லை. முதலாளிக்கும் யார் அவன், இதற்கு முன் எந்தத் தொழிற்சாலைக்குப் பணம் கொடுத்தான் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. வாணியம்பாடியிலும் இரண்டு கம்பெனிகளுக்கு அதே ஷீட்டுகள் போயிருந்தன என்று பிறகு தெரிந்தது. அவர்களும் அனுப்பியிருந்தார்கள்.

நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும் என்று என் கணவர் இன்றும் சொல்லுவார். எனக்கு வரவில்லை. ஏமாற்றுகிறவனைவிட, வெள்ளைக்காரன் பெயரைக் கேட்டதும் பல்லைக் காட்டி நிற்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். இவர்கள் இருப்பதால்தான் அவன் இருக்கிறான். நான் ஒழுங்காக விலை சொன்னால், உன் ஊரிலேயே சும்மா செய்து தருகிறார்களே என்று என்னிடம் கேட்கிறான்.

அடுத்த வருடம் சார் வேலையை விட்டார். விட்டு என்ன செய்தார்? வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, வீட்டிலிருந்தே டாலரில் சம்பாதிப்பது எப்படி என்று வகுப்பு ஆரம்பித்தார். வாசலில் போர்டு. ஐரோப்பிய பிராண்டுகளுக்கு வரைந்தவர் என்று அதில் போட்டிருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது.

போர்டு மாட்டிய வாரமே எனக்குப் போன் வந்தது.

"ஏம்மா, கிளாஸுக்கு நோட்ஸ் வேணும். நீ நல்லா எழுதுவ. படமும் போட்டுக் குடுத்துடு."

"எத்தன பக்கம் சார்? எத்தன படம்?"

"அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம்மா."

"பணம்?"

"பசங்க சேரட்டும், அப்புறம் குடுக்கறேன். மொதல்ல ஒரு பாடம் மட்டும் சாம்பிளுக்கு எழுதிக் குடேன்."

பாதிப் பணம் முன்னால் வேண்டும், பாடங்களின் பட்டியலை எழுதி அனுப்புங்கள், அதற்கு மேல் கேட்டால் தனி விலை என்றேன்.

"என்கிட்டயேவா?" என்றார்.

"ஆமா சார். உங்ககிட்டதான்," என்றேன்.

வைத்துவிட்டார். பிறகு கூப்பிடவில்லை. குடியாத்தத்தில் யாரோ ஒரு காலேஜ் பெண்ணை வைத்து நோட்ஸ் எழுதி வாங்கினாராம். அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே தெரியும்.