இரண்டாவது திருத்தம்

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். அவர் ஓய்வு பெற்ற அன்று விழுப்புரம் டிப்போவிலேயே பந்தல் போட்டு விழா நடத்தினார்கள். மேடையில் அவருக்குப் பக்கத்தில் அம்மாவையும் உட்கார வைத்தார்கள். ‘அம்மாவும் ரெண்டு வார்த்தை பேசணும்’ என்று யாரோ மைக்கைக் கையில் திணித்துவிட்டார். ரேஷன் கடையில்கூட முன்னால் போய்ப் பேசாத அம்மா எழுந்து பேசினாள்!

“இவரு வண்டி எடுத்துக்கினு போனா, திரும்பி வர்ற வரைக்கும் நான்…”

அதுவரைதான் எனக்குக் கேட்டது. வெளியே தயாராக நின்ற மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்தா அடிக்க வேண்டும்! கேட்டுக்குப் போய் அவர்களை அடக்கிவிட்டு வருவதற்குள் அம்மா பேசி முடித்து உட்கார்ந்திருந்தாள். பரவாயில்லை, வீடியோவில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீடியோ எடுத்தது திண்டிவனத்து ஸ்டுடியோக்காரர். அவரைப் பிடித்துக் கொடுத்தது என் மாமா, அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். “நம்ம ஆளு, பாத்துக்கலாம்” என்பது அவருடைய நிரந்தர வசனம். எங்கள் குடும்பத்தில் மின்னஞ்சல் என்று ஒன்று இருந்தது என்னிடம் மட்டும்தான். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதனால் ஸ்டுடியோவின் மடல் எனக்கு வந்தது.

அந்த மனிதர் விஷயத்தைத் தெளிவாகவே எழுதியிருந்தார். விழா முடிந்த மூன்று வாரத்தில் முதல் தொகுப்பு வரும். படத்தின் மூலையில் நேரம் ஓடும். எந்த நிமிடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்து எழுத வேண்டும். திருத்தம் இரண்டு முறைதான். ஒவ்வொரு முறையும் எல்லாருடைய குறைகளையும் சேர்த்து, ஒரே பட்டியலாக, ஒரே ஆள் அனுப்ப வேண்டும். பட்டியல் கைக்கு வந்த நாளிலிருந்து பத்து நாளில் திருத்திய படம் தருவார். இரண்டாவது திருத்தத்தோடு இறுதி டிவிடி. அதை வாங்கிப் பதினைந்து நாள் ஆனதும், எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவார். ‘அடுத்தடுத்து கல்யாண வேலைகள் இருப்பதால் இடம் போதவில்லை, மன்னிக்கவும்.’

சரியான ஆள் என்று எனக்கு அவர் மேல் மரியாதையே வந்தது. ‘பட்டியல் அனுப்பப் போகும் ஆள் நான்தான்’ என்று உடனே பதில் போட்டேன்.

முதல் தொகுப்பைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அம்மா பேசுகிற இடம் வந்ததும் நான் ஒலியைக் கூட்டினேன். ஒரு பாட்டு ஓடியது. அம்மாவின் வாய் அசைந்தது, பாட்டு கேட்டது. மைக்கை இடுப்புக்குக் கீழே பிடித்திருந்திருக்கிறாள். சத்தம் மெலிசாக இருந்ததால் அதை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதத்தான் மொதல்ல எழுதப் போறேன்” என்றேன்.

அம்மா விடவில்லை. “மொதல்ல அப்பாவுது முடியட்டும். என்னுது எங்க போயிடப் போவுது?”

அப்பாவுடையது நீளமாக இருந்தது. கிளை மேலாளர் மாலை போட்டது வரவில்லை. பேர்கள் வரிசை மாறி வந்திருக்கின்றன. விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த கேடயம் அரை நொடியில் போய்விட்டது. எல்லாம் நியாயம்தான். ஒன்றோடு ஒன்று கலந்து ஸ்டுடியோக்காரர் குழம்பக் கூடாது, அம்மாவுடையதை இரண்டாவதில் தனியாக, முதல் வரியாகப் போடலாம் என்று நானும் இருந்துவிட்டேன். அந்த முறை அப்பாவின் பட்டியல் மட்டும் போனது.

திருத்திய படம் வந்தபோது மார்கழி பிறக்க இருந்தது. இரண்டாவது பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்தேன். முதல் வரி: ‘இந்த இடத்தில் பாட்டை எடுத்துவிடுங்கள். அம்மாவின் குரல் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அதுவே வேண்டும். முழுதாக வேண்டும்.’ மாமாவிடமும் ஒரு பிரதி இருந்தது. எல்லாருடையதும் சேர்ந்து ஒரே பட்டியல் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருக்கிறாரே, மாமாவை விட்டுவிட்டு அனுப்பினால் அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். போன் போட்டேன்.

“பாத்துக்கினு இருக்கேன் பாப்பா.”

மறுபடியும் போட்டேன். “அட, பேஜாரு பண்ணாத பாப்பா. பொங்கலுக்கு வர்றேன்ல, பேசிக்கலாம்.”

நாம் பட்டியல் அனுப்பினால்தானே ஸ்டுடியோக்காரருடைய பத்து நாள் ஓடத் தொடங்கும், என்ன அவசரம் என்று நானும் காத்திருந்தேன். சொன்னபடி நடக்கிற ஆளுக்குச் சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வீம்பு எனக்கு.

பொங்கலன்று மாமா கரும்போடும் ஒரு மஞ்சள் பையோடும் வந்து இறங்கினார். பையிலிருந்து டிவிடிகளை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். பளபளவென்று அட்டை போட்ட இறுதிப் படம்.

“இன்னா பாக்கற? நானே நேர்ல போய்க் குந்திக்கினு ஜல்தியா முடிச்சுட்டேன். நான் பொன்னாட போட்டத வுட்டுட்டிருந்தான் அந்தாளு, அதச் சேக்கச் சொன்னேன். மார்கழி பொறந்த கையோட குடுத்துட்டான். மார்கழியில நல்ல காரியத்துப் படத்த எப்டி எடுத்துக்கினு வர்றது? அதான் தை பொறக்கட்டும்னு சாமி ரூம்லயே வச்சிருந்தேன்.”

பின்பக்கம் போய் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன்.

“என்னங்க இது? பட்டியல் அனுப்பற ஆள் நான்தான்னு எழுதினேனா இல்லையா?”

“எழுதினீங்கக்கா. ஆனா ஆர்டர் குடுத்தது அவருதாங்க. அவரே வந்து பக்கத்துல குந்திக்கினா நான் எப்டிங்க போன்னு சொல்றது? ரெண்டாவது திருத்தம் இதானேன்னு கேட்டேன், ஆமான்னாரு. டிவிடிய வாங்கிக்கினு கையெழுத்தும் போட்டாரு.”

“திருத்தம் கெடக்கட்டும். அம்மா பேசினது இருக்கா? எவ்ளோ ஆனாலும் தர்றேன்.”

“பதினஞ்சு நாளைக்கு மேல ஆயிடுச்சேக்கா. தை முகூர்த்தத்துக்கு எடம் வேணும்னு போன வாரம்தான் அழிச்சேன். நீங்க ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருந்தா தனியா எடுத்து வச்சிருப்பேனே.” அவரை என்னவென்று திட்டுவது?

மாமாவைத் திட்டினேன். நல்ல நாளும் அதுவுமாக வாய்க்கு வந்தபடி திட்டினேன். ‘ஒரு பொன்னாடைக்காக உங்க அக்கா பேச்சையே தொலைச்சிட்டீங்களே மாமா’ என்றதும் அந்த மனிதர் கரும்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

“விடுடீ. அவன் ஆசயா எடுத்துக்கினு வந்திருக்கான்” என்றாள் அம்மா.

சாப்பிட்டுவிட்டுப் படத்தைப் போட்டோம். மாமா பொன்னாடை போர்த்துவது நன்றாக, நிதானமாக வந்தது. பிறகு அந்த இடம் வந்தது. பாட்டு ஓட, அம்மாவின் வாய் அசைந்தது. மேடையில் அப்பா பக்கத்து நாற்காலியில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். “ஆமா, அன்னிக்கு இன்னாதான் பேசின நீ?”

அம்மா டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க பக்கத்துலதான குந்திக்கினு இருந்தீங்க.”

அப்பா ரிமோட்டை எடுத்து, அந்த இடத்தைத் திரும்பவும் போட்டு, ஒலியைக் கூட்டினார். பாட்டுதான் சத்தமாகக் கேட்டது.