இரண்டு வாரம் முன்னதாக

எங்கள் அலுவலகத்தில் ஒரு திட்ட மேலாளருக்கு 'மங்களம்' என்று பட்டப்பெயர். எதை எடுத்தாலும் சுபமாக முடித்துவைப்பார். முடித்தபின் என்ன ஆகும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை.

அவர் பொறுப்பில் ஒரு மருத்துவமனைக்காகச் செய்த மென்பொருள் குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஓட ஆரம்பித்தது. பிழைகளைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொடுத்தவள் எங்கள் சோதனைப் பிரிவுப் பெண் ஒருத்தி. ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் அவளுக்கும் முடிந்தது. பராமரிப்புக் குழுவில் அவளைச் சேர்க்கும்படி மங்களம் கெஞ்சிக்கொண்டேயிருந்தார். நிறைவு விழாவன்று காலையில் இயக்குநர் கைவிரித்தார். அவளிடமும் சொல்லியாயிற்று.

மாலையில் மங்களம் பேசினார். நோயாளிகள் பதிவுக்குக் காத்திருக்கும் நேரம் பாதியானதையும், செலவு கட்டுக்குள் நின்றதையும் சொன்னார்.

"ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சோம்னா, அதுக்கு இந்தம்மாதான் காரணம்."

கைதட்டல் அடங்கியதும் அவள் சொன்னாள்: "கொஞ்சம் மெதுவா பாத்திருந்தா ரெண்டு வாரச் சம்பளமாவது வந்திருக்கும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். மங்களம் கையிலிருந்த பேச்சுத் தாளில் அடுத்த வரி, 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்'. அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கிறியாம்மா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் சார்."