பெரிய விஷயம்னா நானே வருவேன்

பேச எழுந்ததும் தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். முகங்கள் மங்கலாகத் தெரிந்தால்தான் யாரையும் குறிவைத்துப் பேச வராதாம். வீட்டில் அவளை "ஏண்டி" என்று கூப்பிடும் அக்கா, பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பள்ளி வாசலைத் தாண்டியதும் தங்கை அவளுக்கு "மேடம்" ஆகிவிடுவாள். அந்த 'மேடம்' வாயில் வரும்போதெல்லாம் அக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கும்.

இதற்கு முன் இருந்த தலைமை ஆசிரியர், கைபேசி கொண்டுவருகிற பிள்ளைகளைக் காது கிழியத் திட்டினார். விளைவு, போன்களைப் போடச் சொல்லி வைத்த பெட்டியில் செத்துப்போன பழைய போன்களாக வந்து விழுந்தன. நல்ல போன்கள் காலுறைக்குள் பத்திரமாக இருந்தன.

தங்கை திட்டவில்லை. காலைக் கூட்டத்தில் விதியைச் சொன்னாள். முதல் மணி அடித்ததும் போனை அணைத்து, வகுப்புப் பெட்டியில் அவரவர் எண் போட்ட பையில் வைக்க வேண்டும். வகுப்பாசிரியர் பெட்டியை அலுவலகத்தில் கொடுக்க, அங்கே அது இரும்பு அலமாரியில் பூட்டப்படும். கடைசி மணிக்குத் திரும்பக் கிடைக்கும்.

"சைலண்ட்ல போட்டா போதாதான்னு கேப்பீங்க. பைக்குள்ள அது ஒரு தடவை நடுங்கினா போதும், யாரா இருக்கும்னு மனசு போயிடும். போன மனசு கணக்குக்குத் திரும்பி வர நேரம் ஆகும். எனக்கே அப்படித்தான்."

பிள்ளைகள் லேசாகச் சிரித்தார்கள்.

"அடுத்தது கேமரா. விளையாட்டு ரூம்ல உடுப்பு மாத்தறப்ப நீங்க யாரையும் படம் எடுக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா நீங்க கையில போனை வச்சிருந்தா, எடுக்கலன்னு பக்கத்துல நிக்கறவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயத்தோட ஒருத்தி நிக்க வேண்டாம். அப்புறம், உடம்புக்காகப் போன் கூடவே இருந்தாகணும்னு இருக்கறவங்க, சர்க்கரை அளவு பாக்கறவங்க மாதிரி, என்கிட்ட தனியா வாங்க. அவங்ககிட்ட போன் இருக்கும். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது."

பின்வரிசையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள் அம்மா மாதக்கணக்காக மருத்துவமனையில் இருப்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வீட்டுல ஏதாவது ஆயிட்டா, மேடம்? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுல ஆபீஸ் நம்பரைக் குடுத்து வைங்க. அங்க எப்பவும் ஆள் இருக்கும். சாவியை மறந்துட்டே, மாமா கூப்பிட வருவார், இந்த மாதிரின்னா சீட்டு வரும். பெரிய விஷயம்னா நானே வருவேன். நாப்பது பேர் நடுவுல உக்காந்து அதைத் திரையில படிக்க வேண்டாம். ஒரு மனுஷி வந்து சொல்லட்டும்."

அன்று பெட்டிகளில் நல்ல போன்களே விழுந்தன. அக்கா ஒவ்வொரு பையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினாள்.

ஆனால் மறுநாளிலிருந்து ஒரு சங்கடம். வழக்கம்போலத் தங்கை வகுப்புகளைச் சுற்றிவர, எந்த வாசலில் நின்றாலும் உள்ளே மூச்சு நின்றது. யாருக்கு, யாருக்கு என்று கண்கள் அலைந்தன.

"எமனைப் பாக்கற மாதிரி பாக்குதுங்கக்கா," என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது.

"நீதானேடி வாயைக் குடுத்தே. அனுபவி." சொன்ன பிறகுதான் தங்கை சாப்பிடாமல் இருப்பதை அக்கா கவனித்தாள்.

அதன்பின் தங்கை சுற்றுவதையே விட்டுவிட்டாள். ஒரு மதியம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அந்தப் பத்தாம் வகுப்பு மாணவியின் சித்தி. அழுகைக்கு நடுவே பாதி வார்த்தைதான் வந்தது. அதுவே போதுமாக இருந்தது. அவளைக் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டதாகவும் சொன்னாள்.

அக்கா போய்ச் சொன்னதும் தங்கை எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"நான் வேணா போய்ச் சொல்லட்டுமா?" அக்கா 'மேடம்' சொல்ல மறந்துபோனாள்.

"இல்லக்கா. நான்தான வர்றேன்னு சொன்னேன். அவ போனை எடுத்துக் குடு. ஆன் பண்ணாதே. சொந்தக்காரங்க எல்லாம் அதுல மெசேஜ் போட்டிருப்பாங்க."

வாசலில் தங்கையைக் கண்டதுமே அந்தப் பெண் யாரும் சொல்லாமல் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாளாம். வகுப்பாசிரியர் பிறகு சொன்னார்.

ஆளில்லாத நூலகத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொண்டுபோன அக்கா கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டாள். தங்கையின் உதடுகள் கொஞ்ச நேரமே அசைந்தன. பெண்ணின் தலை மேசையில் கவிழ்ந்தது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்து கையை நீட்டினாள்; போனைத் தொட்டதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே ஆன் பண்ணுங்க, மேடம்."

தங்கை பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்ததும் அதைக் கவிழ்த்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மூடிக்கொண்டாள். அது நடுங்கியது, நின்றது, மீண்டும் மீண்டும் நடுங்கியது. அவள் கையைத் திறக்கவில்லை.