மாமாவின் சட்டைப் பட்டன்

ஏழு வயது வரை என் காது மூளியாகவே கிடந்தது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் கம்மலை ஆட்டிக் காட்டும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து அம்மாவோடு மல்லுக்கட்டுவேன். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அம்மாவுக்கோ ஒரே ஒரு தங்கச்சி என்றுதான் ஊருக்குத் தெரியும். ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது பிடித்து உட்கார வைத்துக் காரியத்தை முடி என்று அப்பா வீட்டில் நச்சரித்தார்கள். “எம்புள்ளைக்கு மாமன் வருவான்” என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். இல்லாத மாமன் எங்கிருந்து வருவான் என்று அத்தை கேட்டால், அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மாமா வந்தார். கந்தர்வக்கோட்டையைத் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் இருக்கிற எங்கள் குலசாமி கோவிலுக்கு, விடிந்ததும் விடியாததுமாக, தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினார். மெல்லிய மீசை, கரகரத்த குரல். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “எங்க சித்தப்பா மகன், திருப்பூர்ல கம்பெனியில இருக்கான்” என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தாள். அம்மாவின் கல்யாணத்தில் தாவணியோடு பந்தி பரிமாறியவர் இவர்தான் என்று அங்கே அப்பாவைத் தவிர ஒருவருக்கும் தோன்றவில்லை. “ஒந் தங்கச்சி வரலையா?” என்று அத்தை கேட்டாள். “அவ வரலண்ணி” என்றாள் அம்மா, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு.

இப்போது எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமா திருநம்பி. அம்மாவின் தங்கச்சியாக, பெண்ணென்று பெயர் வைத்து வளர்க்கப்பட்டவர். ஆவுடையார்கோவில் பக்கம் இருந்த தாத்தா வீட்டை விட்டு முதல்முறை ஓடியபோது, பெண்ணைக் காணவில்லை என்று தாத்தா போலீசில் எழுதிக் கொடுத்தார். மேஜர் ஆனவர் என்று பாராமல் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அறையில் பூட்டி, அவருடைய அத்தை மகனுக்குக் கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாள் குறித்தார்கள். இரண்டாவது முறை அவர் ஓட, கதவைத் திறந்துவிட்டது என் அம்மா. பிறந்த வீட்டில் யாரையும் அம்மா அழைக்காவிட்டாலும், அன்று கோவிலில் ஒரு ஆள் மோப்பம் பிடித்தாலும் அன்று சாயங்காலமே செய்தி தாத்தா காதுக்குப் போயிருக்கும். இத்தனை பயத்தோடும் என்னை மடியில் வைக்க வந்தார்.

திருநங்கை ஒருவர் அந்தக் காட்டுப் பாதையில் நடந்து வந்திருந்தால் தூரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கேலி பேச நாலு பேர், ஆசீர்வாதம் கேட்க நாலு பேர் இருந்திருப்பார்கள். மாமாவைப் போல ஒருவர் உலகத்தில் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. திருநருக்கான அடையாள அட்டை வாங்கப் போன அலுவலகத்தில்கூட, “இது திருநங்கைகளுக்கு, ஒங்களுக்கு எதுக்கு?” என்றுதான் கேட்டார்களாம். யாருக்கும் தெரியாததால் அன்று அவர் தப்பித்தார். அதே காரணத்தால்தான் மாட்டிக்கொள்ளவும் பார்த்தார்.

அன்று மாமா ஓரிடத்தில் நிற்கவில்லை. வேனுக்குப் போவார், பொங்கல் அடுப்புக்கு வருவார், யாராவது தோளில் கை போட்டால் நழுவுவார். அம்மாவோ ரோட்டையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மோர் கொடுத்தார்கள், மாமா வேண்டாம் என்றார். இளநீரை அத்தை வாய்க்கருகே நீட்டினாள், அதையும் வேண்டாம் என்றார். நான் போய், “ஏன் மாமா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டேன்.

“ஒனக்கு காது குத்துற வரைக்கும் விரதம் பாப்பா” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் காதுக்காக ஒரு ஆள் பட்டினி கிடக்கிறாரே! இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் காட்டில் ஆண்கள் ஒரு பக்கம் மரத்தைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார்கள், பெண்கள் கூட்டமாக மறுபக்கம் போனார்கள். மாமாவுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. முதல் நாள் ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறியதிலிருந்தே அவர் தொண்டையை நனைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஆண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உள்ள கதவு இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து மீசையும் குரலும் வந்துவிட்டன. மார்பு ஊசிக்குப் போகாது, அதற்கு ஆபரேஷன்தான் வேண்டும். செய்தால் வாரக்கணக்கில் கையைத் தூக்காமல் படுத்திருக்க வேண்டும், சோறு ஊட்ட ஒரு ஆள் வேண்டும். தனியறையில் கிடக்கிறவர் ஆளுக்கு எங்கே போவார்? அதுவரை மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். அதற்கென்று தைத்த உள்ளாடையையே நாள் முழுக்கப் போடக்கூடாது, கை கால் சுளுக்குக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி அறவே கூடாது, விலா எலும்பு நோகும், மூச்சு முட்டும் என்பார்கள். அன்று மாமா சுற்றியிருந்தது அந்தப் பேண்டேஜைத்தான். பிள்ளை மடியில் சாயுமே என்று இன்னும் ஒரு சுற்று கூட்டிச் சுற்றியிருந்தார்.

ஆசாரி உட்கார்ந்தார். மாமா மடியில் என்னை வைத்தார்கள். சாய்ந்தால் மாமாவின் நெஞ்சு பலகை மாதிரி இருந்தது. முதல் காதில் கம்பி இறங்கியதும் நான் போட்ட கூச்சலில் கோவில் மணிச் சத்தமே கேட்கவில்லை. திமிறினேன், உதைத்தேன். மாமா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது காதும் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. நானும் அவருமாகப் பின்னால் சாய்ந்தோம்.

“மயக்கம்! மாப்ளைக்கு மயக்கம்!”

பெரியப்பா ஓடி வந்தார். யாருக்கு என்ன ஆனாலும் முதல் ஆளாக ஓடி வருகிற நல்ல மனுஷன். “தள்ளுங்கப்பா, காத்து வரட்டும். சட்டையக் கழட்டுங்க, நெஞ்சுல தண்ணியத் தெளிப்போம்” என்று குனிந்து பட்டனில் கை வைத்தார்.

“வேணாங்க, வேணாங்க!” என்று அம்மா அலறினாள். கூட்டத்தைத் தாண்டி அவளால் வர முடியவில்லை.

காதில் ரத்தத்தோடு நான் மாமாவின் நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தேன். பெரியப்பா என்னைத் தூக்கப் பார்த்தார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாமாவின் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வந்த கையையெல்லாம் கடித்தேன். “எம் மாமாவ விடுங்க! எம் மாமாவ விடுங்க!” அதற்குள் மாமா அரைக்கண் திறந்தார். என் கை மேல் தன் கையை வைத்து, பட்டனோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

அம்மா வந்து சேர்ந்தாள். “விரதம் இருந்தவன், தண்ணி குடிச்சா சரியாயிரும்” என்று பெரியப்பாவை விலக்கி, எங்கள் இருவரையும் அப்பாவின் கைத்தாங்கலோடு வேனுக்குள் ஏற்றி, கதவைச் சாத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் அப்பா. ஆதார் அட்டையில் பழைய பெயர்தான் இருக்கிறது, எந்த வார்டில் சேர்ப்பார்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னையும் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். எதையோ சுற்றுச் சுற்றாக அவிழ்க்கிற சத்தமும், மாமா நெடுநேரம் மூச்சை இழுத்து விடுகிற சத்தமும் கேட்டன.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கம்மலைவிட அதிகமாக நான் காட்டியது இந்தக் கதையைத்தான். என் காதில் ரத்தத்தைப் பார்த்தே என் மாமா மயங்கி விழுந்துவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பேன். மாமாவும் வரும்போதெல்லாம் அந்தக் கேலிக்கு ஈடுகொடுத்துச் சிரிப்பார். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பெருமை. தனக்கே நினைவு தப்புகிற நேரத்திலும், நான் கீழே விழுந்துவிடக் கூடாதென்று என் கையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கைக்கு அடியில் இருந்த பட்டன் அப்போது என் கணக்கில் வரவில்லை.