விடியலில் பால் கறந்தவன்

கிருமாம்பாக்கத்தில் கரும்பு வைத்திருக்கும் விஜயராஜ் எட்டு மணிக்குக் கண் விழித்தபோது, மாடு கறந்தாகியிருந்தது. அடுப்படியில் இரண்டு டீ டம்ளர்கள் கிடந்தன.

“யாரு கறந்தது?” என்று மனைவி செல்வகுமாரியைக் கேட்டான்.

“நீதான்யா. பால ஊத்திட்டு வந்துதானே திரும்பப் படுத்த. இன்னா, வெளையாடுறியா?”

அவனுக்கு எதுவும் நினைவில்லை. அந்த மாடு வேற்றாளை உதைக்கும். அப்படியானால் கறந்தவன் பல நாள் வந்து பழகியவன். பக்கத்துக் கொல்லைப் பச்சையப்பனின் முகம் மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பால் சொசைட்டியில் விசாரித்தான். எழுத்தர் சிரித்தார்.

“நீதானப்பா அஞ்சரைக்கு வந்து ஊத்துன. கண்ணுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு.”

பயந்துபோய், தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஓடினான். நள்ளிரவில் மோட்டாருக்குக் கரண்ட் வந்து தண்ணீர் பாய்ச்சி முடித்து, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் மாத்திரை போட்டதாகச் சொன்னான்.

“அஞ்சு மணிக்கு மருந்து இன்னும் வேலை செஞ்சிட்டுதான் இருக்கும். ஆள் நடப்பாரு, பேசுவாரு, பழகின வேலையச் செய்வாரு. மூளை மட்டும் எதையும் பதிச்சு வைக்காது. இனிமே இதத் தொடாதீங்க.”

வீடு திரும்பியவன் தன் சந்தேகத்தை ஒப்புக்கொண்டான்.

“அடப்பாவி, பச்சையப்பனா?” என்று செல்வகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். “உங்கூடத்தான்யா டீ குடிச்சேன். எவ்ளோ ஆசையா பேசுன! கட்டிக்கினு வந்ததுலேர்ந்து அப்படி நீ பேசினதே இல்ல.”

“இன்னா பேசுனேன்?”

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். பச்சையப்பன்மேல் இருந்த பொறாமை, அந்த விடியலில் அவளோடு டீ குடித்தவன்மேல் திரும்பியது.